வாட்ஸ்அப் பட்டியலில் ஓர் ஆடைக்குப் பெயரும் விவரமும் எழுதுவது எப்படி? சிறிய துணிக்கடைக்கான வழிகாட்டி

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒரு துணிக்கடைக்குப் பட்டியல் தொடங்குபவர் பெரும்பாலும் படங்களுக்குத்தான் முழுக் கவனத்தையும் செலுத்துகிறார். பெயரும் விவரமும் கடைசியில் அவசரமாக நிரப்பப்படுகின்றன, அல்லது மொத்த வியாபாரி அனுப்பிய வாசகம் அப்படியே ஒட்டப்படுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் “என்ன சைஸ் இருக்கு?”, “இது காட்டனா?”, “கை எவ்வளவு நீளம்?” என்ற கேள்விகள் வரத் தொடங்குகின்றன. கடைக்காரர் நாள் முழுவதும் அதே பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார், பதில் தாமதமானால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுகிறார். இந்தக் கட்டுரை ஒரே ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பெயர் வைப்பதிலிருந்து விவரம் எழுதி முடிப்பது வரை படிப்படியாகச் செல்கிறது. சிறு கட்டம் போட்ட, அரக்கு நிறத்தில், 38, 40, 42 ஆகிய மூன்று அளவுகளில் வந்திருக்கும் ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

எழுதுவதற்கு முன்: எதை ஒரு பொருளாகப் போடுவது?

செயலியின் கருவிகள் பகுதியில் Catalog என்பதைத் திறந்து, Add new item என்பதைத் தொட்டால் படம், பெயர், விலை, விவரம் ஆகியவற்றுக்கான இடங்கள் வரும். இணைப்பு, பொருள் குறியீடு போன்ற கூடுதல் இடங்களும் உண்டு. ஒரு பொருளுக்கு 10 படங்கள் வரையும், ஒரு பட்டியலில் 500 பொருள்கள் வரையும் சேர்க்கலாம். இந்த 500 என்ற வரம்பு ஒரு சிறிய கடைக்குத் தாராளமாகத் தோன்றும். ஆனால் 20 வடிவமைப்புகள், ஒவ்வொன்றிலும் 4 நிறங்கள், ஒவ்வொரு நிறத்திலும் 5 அளவுகள் என்று தனித்தனியாகப் போட்டால் 400 இடங்கள் போய்விடும், வாடிக்கையாளரும் ஒரே படத்தை ஐந்து முறை தாண்டிச் செல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே நிறத்துக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டு, அளவுகளை விவரத்துக்குள் எழுதுவதே சிறிய கடைக்குச் சரியாக வரும். நிறம் கண்ணுக்குத் தெரிவது, அதற்குத் தனிப் படம் வேண்டும். அளவு கண்ணுக்குத் தெரியாதது, அதை எழுத்துதான் சொல்ல வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. வாடிக்கையாளர் சட்டையைக் கூடையில் போட்டு அனுப்பும்போது பொருளின் பெயரும் விலையும் எண்ணிக்கையும் வந்து சேரும், எந்த அளவு வேண்டும் என்பது வராது. இதற்கான மருந்து விவரத்தின் கடைசி வரியில் இருக்கிறது, அதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் படி: பெயர்

பட்டியலைத் திறப்பவருக்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறிய படமும், பெயரும், விவரத்தின் தொடக்கமும், விலையும் தெரியும். நீளமான பெயர் பாதியில் வெட்டப்பட்டுவிடும். அதனால் பெயரின் முதல் இரண்டு சொற்கள், அந்தப் பொருளைப் பக்கத்தில் இருக்கும் பொருளிலிருந்து பிரித்துக் காட்டும் சொற்களாக இருக்க வேண்டும். புதிய கடைகளின் பட்டியல்களில் அடிக்கடி காணப்படும் பெயர் இப்படி இருக்கும்:

> புதிய வரவு!! சூப்பர் குவாலிட்டி சட்டை

இந்தப் பெயரைக் கடையில் உள்ள எந்தச் சட்டைக்கும் வைக்கலாம் என்பதே இதன் குறை. “புதிய வரவு” என்பது சில வாரங்களில் பொய்யாகிவிடும். “சூப்பர் குவாலிட்டி” என்பதை எல்லாக் கடைகளும் எழுதுவதால் யாரும் அதைப் படிப்பதில்லை. வெட்டப்பட்ட பிறகு எஞ்சுவது இந்த இரண்டு பயனற்ற சொற்றொடர்கள்தான், சட்டை என்ற சொல்கூட மறைந்துபோகலாம்.

மறுபக்கத்தில், எல்லாப் பெயர்களையும் “சட்டை” என்று தொடங்குவதும் உதவாது. முழுக்கைச் சட்டைகளைத் தனித் தொகுப்பாக, அதாவது செயலியில் Collection என்று வரும் பிரிவாக வைத்திருந்தால், அதற்குள் இருப்பவை எல்லாம் சட்டைகள் என்பது வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே தெரியும். அங்கே முதலில் வர வேண்டியவை நிறமும் வடிவமும். ஆனால் ஆடையின் வகையை முற்றிலும் விட்டுவிடவும் முடியாது. ஏனெனில் இந்தப் பெயர் தொகுப்புக்கு வெளியே, கூடையிலும், நீங்கள் அரட்டையில் பகிரும் அட்டையிலும், வாடிக்கையாளர் அந்தப் பொருளைச் சுட்டி அனுப்பும் செய்தியிலும் தனியாக நிற்கப் போகிறது. இரண்டையும் கணக்கில் எடுத்தால் நம் சட்டைக்கு இப்படி ஒரு பெயர் அமையும்:

> அரக்கு சிறு கட்டம், முழுக்கை காட்டன் சட்டை

நிறம், வடிவம், கையின் வகை, துணி, ஆடை என்ற இந்த வரிசையை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் எல்லாச் சட்டைகளுக்கும் அதையே பின்பற்றுங்கள். ஒன்றில் நிறம் முதலிலும் மற்றொன்றில் துணி முதலிலும் வந்தால், வேகமாக விரலால் தள்ளிப் பார்ப்பவருக்கு ஒப்பிடுவது கடினமாகிவிடும். விலையையும் தள்ளுபடியையும் பெயரில் எழுத வேண்டாம். விலைக்குத் தனி இடம் இருக்கிறது, தள்ளுபடி முடிந்த பிறகும் பெயரில் அது தங்கிவிட்டால் வாடிக்கையாளர் அதைக் காட்டியே வாதாடுவார். அவர் வாதாடுவது நியாயமும்கூட.

நிறத்தின் பெயரைப் பொறுத்தவரை, உங்கள் வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்லே போதும். அரக்கு, வாடாமல்லி, ராமர் பச்சை, மயில் கழுத்து நிறம் என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். தொழிற்சாலைப் பட்டியலில் வரும் அலங்காரமான நிறப் பெயர்களைக் கேட்டால் பத்துப் பேருக்குப் பத்து நிறம் மனத்தில் தோன்றும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரைச் சேர்த்து “அது போன்ற சட்டை” என்றோ “அதன் முதல் தர நகல்” என்றோ எழுதாதீர்கள். பட்டியலில் சேர்க்கப்படும் பொருள்கள் வாட்ஸ்அப்பின் வணிகக் கொள்கைப்படி பரிசீலிக்கப்படுகின்றன. பிறருடைய வணிகப் பெயர் உரிமையை மீறும் பொருள்களை அந்தக் கொள்கை அனுமதிப்பதில்லை. நிராகரிக்கப்பட்ட பொருளின் மேல் சிவப்பு நிறத்தில் ஆச்சரியக்குறி தோன்றும். தவறாக நிராகரிக்கப்பட்டதாகக் கருதினால் மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் நகல் என்று நீங்களே எழுதிவைத்த பிறகு கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

இரண்டாம் படி: அளவெடுப்பது

விவரம் எழுதும் வேலை கைப்பேசியில் தொடங்குவதில்லை, அளவு நாடாவில் தொடங்குகிறது. சட்டையின் கழுத்துப்பட்டியில் 40 என்று இருந்தால், அது பொதுவாக அணிபவரின் மார்புச் சுற்றளவு 40 அங்குலம் என்பதைக் குறிக்கும். சட்டையின் சுற்றளவு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும், இல்லாவிட்டால் கையைத் தூக்க முடியாது, மூச்சும் விட முடியாது. எவ்வளவு கூடுதல் என்பது தைப்பவருக்குத் தைப்பவர் மாறும். அதனால்தான் ஒரே நபருக்கு ஒரு கடையின் 40 தொளதொள என்றும் மற்றொரு கடையின் 40 இறுக்கமாகவும் இருக்கிறது. எண்ணை மட்டும் எழுதும் விவரம் இந்தக் குழப்பத்தை அப்படியே வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிடுகிறது.

சட்டையின் பொத்தான்களை எல்லாம் போட்டு, மேசையின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, சுருக்கங்களைக் கையால் நீவிவிடுங்கள், ஆனால் துணியை இழுக்காதீர்கள். அக்குள் தையலுக்கு ஓர் அங்குலம் கீழே, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அளந்து அதை இரண்டால் பெருக்குங்கள். நம் சட்டையின் 40 அளவில் ஓரத்துக்கு ஓரம் 22 அங்குலம் இருந்தால், சட்டையின் மார்புச் சுற்றளவு 44 அங்குலம். அதாவது 40 அங்குல மார்பு உள்ளவருக்கு 4 அங்குலம் தளர்வு கிடைக்கிறது. பிறகு ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரையும், பின்பக்கம் கழுத்துப்பட்டியின் அடியிலிருந்து கீழ் விளிம்பு வரையும், தோள் தையலிலிருந்து மணிக்கட்டுப் பட்டியின் முனை வரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சட்டைக்கு இந்த நான்கு அளவுகள் போதும். காற்சட்டையாக இருந்தால் இடுப்பு, தொடை, உள்கால் நீளம் ஆகியவை இவற்றின் இடத்தைப் பிடிக்கும்.

ஒவ்வோர் அளவிலும் இரண்டு உருப்படிகளை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் அரை அங்குலம் வேறுபட்டால் அது தையலில் வழக்கமாக வருவதுதான், விவரத்திலும் அதைச் சொல்லிவிடலாம். ஓர் அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் அந்தச் சரக்குக் கட்டு முழுவதையும் பிரித்துப் பார்ப்பது நல்லது, அளவுச் சீட்டு மாறித் தைக்கப்பட்டிருக்கலாம். புதிய கட்டு வரும் ஒவ்வொரு முறையும் மீண்டும் அளக்க வேண்டும். அதே வடிவமைப்பு, அதே வியாபாரி என்று நம்பிப் பழைய எண்களை விட்டுவைத்தால் சட்டைகள் திரும்பி வரக்கூடும்.

மூன்றாம் படி: துணியைப் பற்றி உண்மையைச் சொல்வது

“பியூர் காட்டன்” என்று எழுதுவதற்கு முன் அது உண்மையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உள் தையலில் இழை விகிதம் அச்சிட்ட சீட்டு இருந்தால் அதையே நம்புங்கள். 60 விழுக்காடு பருத்தி, 40 விழுக்காடு பாலியஸ்டர் என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள், “காட்டன் மிக்ஸ்” என்று மழுப்ப வேண்டாம். கலப்புத் துணி சீக்கிரம் காயும், அதிகம் கசங்காது என்று அதைத் தேடி வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

சீட்டு இல்லாவிட்டால், உள் விளிம்பிலிருந்து ஓரிரண்டு நூல்களை உருவி, இடுக்கியால் பிடித்து, துணிகளிலிருந்து தள்ளி வைத்து எரித்துப் பார்ப்பது பழைய முறை. பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ரேயானும் பருத்தியைப் போலவே எரியும், ஏனென்றால் இரண்டும் தாவரச் செல்லுலோஸால் ஆனவை. எனவே எரித்துப் பார்த்ததை மட்டும் வைத்துப் “பருத்தி” என்று உறுதி கொடுக்க முடியாது. வியாபாரியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அது கிடைக்காதபோது, “மென்மையான, மெல்லிய துணி; பாலியஸ்டர் கலப்பு தெரியவில்லை” என்று கண்டதை மட்டும் எழுதுவது நேர்மையானது, பின்னால் சண்டையும் வராது. அப்படியானால் பெயரிலும் “காட்டன்” என்ற சொல் வரக் கூடாது.

துணியைப் பற்றி வாடிக்கையாளர் உண்மையில் அறிய விரும்புபவை இரண்டு: உள்ளே தெரியுமா, துவைத்தால் சுருங்குமா. முதலாவதற்குச் சட்டைக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் “வெளிர் நிறத்தில் உள்ளே பனியன் தேவைப்படும்” என்று எழுத வேண்டும். இரண்டாவதற்கு ஒரு சட்டையைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும். நீளத்தை அளந்து, துவைத்து, காயவைத்து, மீண்டும் அளந்தால் விடை கிடைத்துவிடும். 30 அங்குலச் சட்டை 29 அங்குலமாக வந்தால் சுமார் 3 விழுக்காடு சுருங்கியிருக்கிறது, அந்த ஓர் அங்குலத்தை விவரத்தில் சொல்லியே ஆக வேண்டும். அரக்கு போன்ற அடர்ந்த நிறங்களுக்கு அதே துவைப்பில் ஒரு வெள்ளைத் துணியையும் போட்டுப் பாருங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் முதல் சில முறை தனியாகத் துவைக்கச் சொல்லும் வரியும் சேர வேண்டும். இப்படித் துவைத்த சட்டையைக் கடை ஊழியர் யாராவது போட்டுக்கொண்டால் அது விளம்பரத்துக்கும் உதவும்.

நான்காம் படி: விவரத்தை எழுதுவது

இப்போது கையில் எல்லாம் இருக்கிறது, வரிசைப்படுத்துவதுதான் மிச்சம். பட்டியலில் விவரத்தின் தொடக்கம் மட்டுமே தெரியும் என்பதால், முதல் வரி எந்தக் கேள்வி அதிகம் வருமோ அதற்கான பதிலாக இருக்க வேண்டும். துணிக்கடையில் அது எந்தெந்த அளவு இருப்பில் உள்ளது என்பதே. அதன்பின் அளவுகள், துணி, துவைக்கும் முறை, வாங்கும் முறை என்று இறங்கலாம். நம் சட்டைக்கு இப்படி வரும்:

> இருப்பில் உள்ள அளவுகள்: 38, 40, 42.
>
> அளவு 38: மார்புச் சுற்றளவு 42, தோள் 17.5, நீளம் 28.5, கை 24.5 அங்குலம்.
> அளவு 40: மார்புச் சுற்றளவு 44, தோள் 18, நீளம் 29, கை 25 அங்குலம்.
> அளவு 42: மார்புச் சுற்றளவு 46, தோள் 18.5, நீளம் 29.5, கை 25 அங்குலம்.
> இவை சட்டையின் அளவுகள், உடலின் அளவுகள் அல்ல. உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும் ஒரு சட்டையை விரித்து வைத்து அளந்து ஒப்பிடுங்கள். அரை அங்குலம் கூடவோ குறையவோ இருக்கலாம்.
>
> துணி: 100 விழுக்காடு பருத்தி. உள்ளே தெரியாது. முதல் துவைப்பில் நீளம் சுமார் அரை அங்குலம் குறையும்.
> நிறம்: அரக்கு. வெயிலில் சற்றே சிவப்பாகத் தெரியும். இரண்டாவது படம் பகல் வெளிச்சத்தில் எடுத்தது.
> இடப்பக்கம் ஒரு பை உண்டு. முதல் இரண்டு முறை தனியாகத் துவைக்கவும்.
>
> வாங்க: குறியீடு SH07-AR, வேண்டிய அளவு, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் செய்தியில் எழுதி அனுப்பவும்.

“அழகான”, “கவர்ச்சியான”, “எல்லா விழாக்களுக்கும் ஏற்ற” போன்ற சொற்கள் இதில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருக்கலாம். சட்டை அழகாக இருக்கிறதா என்பதைப் படம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. அளவுகளை அட்டவணையாக அமைக்க முயல வேண்டாம். இடைவெளி விட்டுக் கட்டிய பத்திகள் வேறு கைப்பேசியில் வேறு எழுத்தளவில் கலைந்துபோய், 38-இன் எண் 40-க்கு நேராகத் தெரியும். ஓர் அளவுக்கு ஒரு வரி என்பதே பாதுகாப்பானது.

“ப்ரீ சைஸ்” என்று வரும் ஆடைகளுக்கும் இதே முறைதான். அந்தச் சொல்லை எழுதிவிட்டு நிறுத்தாமல், ஆடையின் உண்மையான சுற்றளவை எழுதி, எந்த மார்பளவு வரை தளர்வாக இருக்கும் என்றும் சேர்த்தால் வாங்குபவர் ஊகிக்க வேண்டியதில்லை.

அளவையும் சேர்த்து எழுதச் சொல்லும் இந்தக் கடைசி வரிதான் முன்பு சொன்ன கூடைச் சிக்கலுக்கான மருந்து. அதில் உள்ள குறியீட்டில் SH என்பது சட்டை, 07 என்பது வடிவமைப்பின் எண், AR என்பது அரக்கு. இதே குறியீட்டைப் பட்டியலின் Item code என்ற இடத்திலும், கடை அலமாரியிலும், கணக்குப் புத்தகத்திலும் எழுதிவையுங்கள். சிலர் அந்த வரியைப் படிக்காமலே கூடையை அனுப்பிவிடுவார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது “38, 40, 42 ஆகியவற்றில் எது வேண்டும்?” என்ற ஒரே கேள்விதான். அளவு உறுதியாகும் வரை பணம் பெற வேண்டாம்.

ஐந்தாம் படி: வாடிக்கையாளர் கண்ணால் பார்ப்பது

சேமித்தவுடன் வேறொரு எண்ணுள்ள கைப்பேசியிலிருந்து கடையின் பட்டியலைத் திறந்து பாருங்கள். பரிசீலனை முடியும் வரை பொருள் அங்கே தெரியாமல் இருக்கலாம், அதனால் புதிய சரக்கை அறிவிக்கும் நேரத்துக்குச் சற்று முன்பே ஏற்றிவிடுவது நல்லது. பெயர் எந்த இடத்தில் வெட்டப்படுகிறது, விவரத்தின் எத்தனை சொற்கள் வெளியே தெரிகின்றன, பக்கத்துப் பொருளோடு சேர்த்துப் பார்க்கும்போது இரண்டும் வேறு என்று உடனே புரிகிறதா என்று கவனியுங்கள். பிறகு அந்தப் பொருளைச் சுட்டி உங்கள் கடைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள். வந்து சேர்ந்த செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து சரியான சட்டையை எடுக்க முடிந்தால் பெயர் தன் வேலையைச் செய்துவிட்டது.

இருப்பு மாறும்போது

உங்களுக்காகப் பட்டியல் இருப்பைக் கணக்கிடாது. 40 அளவு தீர்ந்த நாளிலேயே முதல் வரியை “38, 42” என்று திருத்த வேண்டும். 40-இன் அளவு விவர வரியை அழிக்காமல் அதன் முடிவில் “(தற்போது இல்லை)” என்று சேர்த்தால், மீண்டும் சரக்கு வரும்போது எழுதும் வேலை குறையும். எல்லா அளவுகளும் தீர்ந்துவிட்டால் பொருளை அழிக்க வேண்டாம். Hide item என்பதைப் பயன்படுத்தி மறைத்து வைத்தால் படங்களும் எழுத்தும் அப்படியே இருக்கும். ஆனால் மறைத்ததைத் திரும்பக் காட்டும்போது, புதிய கட்டிலிருந்து இரண்டு சட்டைகளை அளந்து எண்களைச் சரிபார்த்த பிறகே காட்டுங்கள்.

விவரத்தில் எது விடுபட்டது என்பதை அரட்டையே காட்டிக்கொடுக்கும். ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு ஆட்கள் அதே கேள்வியைக் கேட்டால் அதற்கான பதில் விவரத்தில் இல்லை, அல்லது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. “கழுத்துப்பட்டி கெட்டியா, மெத்தென்று இருக்குமா?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டால், துணி வரிக்குப் பக்கத்தில் அதைச் சேர்த்துவிடுங்கள். பதில் ஏற்கெனவே இருந்தும் கேள்வி வருகிறது என்றால் அந்த வரியை மேலே தூக்குங்கள். பை இருக்கிறதா என்று யாருமே கேட்பதில்லை என்றால், அந்த வரியை எடுத்துவிட்டு, அதைப் படத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள விட்டுவிடலாம்.